Z = 0.88 என்றால் கவர்ச்சி 12 சதவீதமா?

கேள்வி: ஒரு வாயுவின் மோலார் கனஅளவை அளந்து, அது நல்லியல்பு வாயுவின் மதிப்பில் எத்தனை பங்கு என்று சொல்லும் அமுக்கக் காரணி Z கணக்கிட்டோம், 0.88 வந்தது. மூலக்கூறுகளுக்கு இடையிலான கவர்ச்சி விசை 12 சதவீதம் என்று முடிவில் எழுதலாமா?

எழுத வேண்டாம். நானும் இதே வாக்கியத்தை எழுதினேன், 12க்குப் பதில் 15 என்று. அதில் எண்ணும் தப்பு, அதற்குச் சொன்ன பொருளும் தப்பு. அதனால்தான் இவ்வளவு நீளமாகப் பதில் எழுதுகிறேன்.

நீங்களும் ஆய்வகத்தில் சிலிண்டரை எடை போட்டுத்தான் அளந்திருப்பீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். முதுகலைச் செயல்திட்டத்தில் நான் செய்தது அதுதான். சரியாக 1 லிட்டர் கொள்ளும் எஃகு சிலிண்டரை வெற்றிட பம்பால் காலி செய்து எடை பார்த்தேன். பிறகு கார்பன் டை ஆக்சைடை நிரப்பி, 300 K தண்ணீர்த் தொட்டியில் வைத்து, அழுத்தமானியின் முள் அசையாமல் நிற்கும்வரை காத்திருந்தேன். இந்தக் காத்திருப்பை விட்டுவிடாதீர்கள். நிரப்பும்போது உள்ளே வாயு சூடேறும், உடனே படித்தால் அழுத்தம் கூடுதலாகக் காட்டும், Z உயர்ந்துவிடும்.

முள் 19 பாரில் நின்றது. துடைத்து எடை போட்டேன், 39.4 கிராம் கூடியிருந்தது. அதாவது 0.895 மோல். மோலார் கனஅளவு 1.117 லிட்டர். 300 K வெப்பநிலையில் RT 24.94 லிட்டர் பார். Z = pVm/RT என்பதில் போட்டால் 0.85 வந்தது. ஒன்றுக்குக் குறைவு, கார்பன் டை ஆக்சைடுக்கு அப்படித்தான் இருக்க வேண்டும், எனவே "கவர்ச்சி 15 சதவீதம்" என்று எழுதி முடித்தேன். வழிகாட்டியும் கையெழுத்துப் போட்டார். பாடநூல் வரைபடத்திலும் கோடு ஒன்றுக்குக் கீழேதான் போகிறது, அதோடு ஒத்துப்போனதால் யாரும் மேற்கொண்டு கேட்கவில்லை.

வாய்மொழித் தேர்வுக்கு வந்தவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "இதே சிலிண்டரில் ஹீலியத்துக்கு என்ன வந்தது?" நான் செய்து பார்க்கவில்லை. அன்று மாலையே கெஞ்சி அனுமதி வாங்கி ஹீலியத்தை நிரப்பினேன். அதே 300 K, அதே 19 பார். 3.18 கிராம், அதாவது 0.794 மோல், மோலார் கனஅளவு 1.259 லிட்டர். Z 0.96 என்று வந்தது.

இது நடக்கவே முடியாது. ஹீலியத்தில் கவர்ச்சி அவ்வளவு பலவீனம். கவர்ச்சியும் விலக்கலும் ஒன்றையொன்று ஈடுகட்டும் பாயில் வெப்பநிலை அதற்கு ஏறத்தாழ 23 K தான். அதற்கு மேலே, மூலக்கூறுகள் இடத்தை அடைத்துக்கொள்வதால் வரும் விலக்கல்தான் மேலோங்கும். 300 K வெப்பநிலையில் Z ஒன்றைவிடச் சற்றுக் கூடுதலாக இருந்தே தீர வேண்டும். அப்போதுதான் அழுத்தமானியைத் திருப்பிப் பார்த்தேன். அது காட்டியது வெளிக்காற்றுக்கு மேலே உள்ள அழுத்தத்தை மட்டும். உள்ளே உண்மையில் இருந்தது 20 பார். அந்த 1 பாரைச் சேர்த்ததும் ஹீலியத்துக்கு 1.01, கார்பன் டை ஆக்சைடுக்கு 0.896 என்று வந்தன. இல்லாத 4 சதவீதக் கவர்ச்சியை, என் கூட்டல் பிழையால், நான் வாயுவுக்குக் கொடுத்திருந்தேன்.

ஹீலியம் கிடைக்காதவர்களுக்கு இன்னொரு வழி இருக்கிறது. அழுத்தத்தைக் குறைத்துக் குறைத்து அளந்து பாருங்கள். எந்த வாயுவாக இருந்தாலும் அழுத்தம் குறையக் குறைய Z ஒன்றை நெருங்க வேண்டும். அந்த 1 பாரை விட்டிருந்தால் தலைகீழாக நடக்கும். 20 பாரில் 5 சதவீதமாக இருக்கும் பிழை 5 பாரில் 20 சதவீதமாகிவிடும், Z ஒன்றை விட்டு விலகிப் போகும். அப்படி விலகினால் அது வாயுவின் குணமல்ல, உங்கள் அளவீட்டின் குறை. கருவியின் துல்லியத்தையும் பாருங்கள். 100 பார் வரை படிக்கும் அழுத்தமானியில் முழு அளவில் 1 சதவீதப் பிழை என்றால் அது 1 பார். 20 பாரில் அதுவே 5 சதவீதம் ஆகிவிடும். அந்தக் கருவியை வைத்துக்கொண்டு 0.88 என்று இரண்டு தசம இடம் எழுதுவதே சரியல்ல.

இங்கே என் ஆதங்கத்தையும் சொல்லிவிடுகிறேன். செயல்திட்ட அறிக்கையில் ஹீலியம் அளவீட்டைச் சேர்க்க எங்கள் துறை ஒப்புக்கொள்ளவில்லை. "தலைப்பில் இல்லாத வாயு" என்றார்கள். மொத்த வேலையிலும் எதையாவது நிரூபித்த ஒரே அளவீடு அதுதான். எதிர்பார்த்த விடை வந்தால் சரிபார்க்க வேண்டாம் என்ற பழக்கத்தை மாணவர்களுக்கு நாமே கற்றுக்கொடுக்கிறோம். இத்தனை வருடம் ஆகியும் எனக்கு அது வலிக்கிறது.

சரி, எண் சரியாகிவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். 0.896 என்பதற்குக் "கவர்ச்சி 10 சதவீதம்" என்று பொருளா? இல்லை. Z காட்டுவது நிகரத்தை மட்டும்தான். கவர்ச்சி கனஅளவைச் சுருக்குகிறது, விலக்கல் பெருக்குகிறது, இரண்டும் கழிந்த மிச்சம்தான் நம் கையில் வருகிறது. வாண்டர் வால்ஸ் சமன்பாட்டில் இதைப் பிரித்துப் பார்க்கலாம்:

Z = Vm/(Vm − b) − a/(RT·Vm)

இதில் a கவர்ச்சிக்கான மாறிலி, b மூலக்கூறுகள் அடைக்கும் இடத்துக்கானது. கார்பன் டை ஆக்சைடுக்கு a 3.64 லிட்டர்² பார்/மோல்², b 0.0427 லிட்டர்/மோல். Vm இடத்தில் 1.117 போட்டால் முதல் உறுப்பு 1.040, இரண்டாவது 0.131. அதாவது விலக்கல் 4 சதவீதம் கூட்டுகிறது, கவர்ச்சி 13 சதவீதம் குறைக்கிறது, மிஞ்சுவது 0.909. அளந்தது 0.896, ஓரளவு பக்கத்தில்தான் இருக்கிறது. வாண்டர் வால்ஸ் தோராயமானது, Z-ஐ 1/Vm-இன் அடுக்குகளின் தொடராக எழுதும் விரியல் விரிவுதான் சரி என்று யாராவது வந்து சொல்வார்கள். எனக்கும் தெரியும், அந்த 0.013 வித்தியாசமே அதற்குச் சாட்சி. பல அழுத்தங்களில் அளந்து இரண்டாம் விரியல் கெழுவை எடுப்பதுதான் முறை. ஆனால் அந்தக் கெழுவும் நிகரம்தான். கவர்ச்சியைத் தனியாக எடுத்துத் தராது. பிரிக்க வேண்டுமென்றால் ஏதாவது ஒரு மாதிரியை நம்பித்தான் ஆக வேண்டும், இங்கே நான் நம்பியது வாண்டர் வால்ஸை.

இதில் சந்தேகம் இருந்தால் நைட்ரஜனைப் பாருங்கள். 300 K, 20 பாரில் அதன் Z கிட்டத்தட்ட 0.997. உங்கள் வாக்கியத்தின்படி நைட்ரஜனில் கவர்ச்சி அரை சதவீதம்கூட இல்லை என்றாகும். ஆனால் அதே நைட்ரஜன் சாதாரண அழுத்தத்தில் 77 K வெப்பநிலையில் திரவமாகிறது. கவர்ச்சி இல்லாமல் அது எப்படித் திரவமாகும்? அதன் பாயில் வெப்பநிலை 327 K பக்கம். 300 K அதற்கு மிக அருகில் இருப்பதால் இரண்டு விளைவுகளும் ஏறக்குறைய ஒன்றையொன்று அடித்துவிடுகின்றன, அவ்வளவுதான்.

அதனால் முடிவில் இப்படி எழுதுங்கள்: "இந்த வெப்பநிலையிலும் அழுத்தத்திலும் மோலார் கனஅளவு நல்லியல்பு வாயுவின் மதிப்பைவிட 12 சதவீதம் குறைவு. எனவே இந்த நிலையில் கவர்ச்சியின் விளைவு விலக்கலின் விளைவைவிட மேலோங்கி இருக்கிறது." வெப்பநிலையையும் அழுத்தத்தையும் எண்ணாகவே போடுங்கள். அழுத்தம் வெளிக்காற்றையும் சேர்த்ததுதானா என்று, அனுப்புவதற்கு முன் இன்னொரு தடவை பார்த்துவிடுங்கள்.