ஆய்வேட்டில் முந்தைய ஆய்வுகளைத் தொகுக்கும் இரண்டாம் அத்தியாயம்: ஆய்வாளர் வரிசையா, கருப்பொருள் வரிசையா? – கேள்வி பதில்

மன்னார்குடி எம்.எட். மாணவி: விவசாயக் கூலிக் குடும்பத்துப் பிள்ளைகளின் பள்ளி வருகைதான் என் தலைப்பு. 26 கட்டுரை படிச்சுட்டேன். ஒவ்வொண்ணுக்கும் ஒரு பத்தி எழுதினா கைடு திருப்பிக் கொடுத்துட்டாங்க. எங்கே ஆரம்பிக்கிறது?

எழுதிய பத்திகளை ஓரமாக வைத்துவிட்டு எக்செல்லில் ஒரு அட்டவணை போடுங்கள். கட்டுரைக்கு ஒரு வரிசை. நெடுவரிசைகளில் மூன்று விஷயம் போதும்: வருகையை எப்படி அளந்தார்கள், எந்த மாதங்களில், என்ன முடிவு. நிரப்பியதும் குறுக்கே படிக்காமல் மேலிருந்து கீழாகப் படியுங்கள். கருப்பொருள் அங்கேதான் கண்ணில் படும்.

உங்கள் தலைப்பில் நான் முதலில் பார்ப்பது அளந்த விதம். சிலர் வருகைப் பதிவேட்டை எடுத்திருப்பார்கள், சிலர் நேரில் போய்த் தலை எண்ணியிருப்பார்கள். இரண்டும் ஒத்துப்போகாமல் இருப்பது சகஜம். அடுத்தது மாதம். ஆண்டுச் சராசரியில் தை, மாசி சம்பா அறுவடைச் சரிவு கரைந்துவிடும். மாதவாரியாகப் பார்த்தால்தான் தெரியும். ஆகவே "வேலைக்காலம் வருகையைப் பாதிக்கிறது" என்று ஒருவரும் "பாதிக்கவில்லை" என்று இன்னொருவரும் சொன்னால், யார் சரி என்று தேடாதீர்கள். இருவரும் எதை அளந்தார்கள் என்பதே உங்கள் பத்தி.

கும்பகோணம் ஆசிரியர்: நான் ஏற்கெனவே வறுமை, பெற்றோர் கல்வி, தூரம்னு தலைப்பு போட்டுட்டேன். அப்ப வேலை முடிஞ்சுது, இல்லையா சார்?

பாதி. தலைப்புக்குக் கீழே வாக்கியங்கள் எப்படித் தொடங்குகின்றன என்று பாருங்கள். ஒவ்வொன்றும் பெயரும் ஆண்டுமாகத் தொடங்கினால் பழைய பட்டியலுக்குப் புதுப் பலகை மாட்டியிருக்கிறீர்கள். "தூரம்" வெறும் சொல். "தூரம் தொடக்கப் பள்ளியைவிட உயர்நிலையில்தான் தடையாகிறது" என்று உங்கள் கட்டுரைகள் தாங்கும் ஒரு கூற்றாக மாற்றுங்கள், பெயர்களை வாக்கியக் கடைசிக்குத் தள்ளுங்கள். ஒரே கட்டுரை இரண்டு தலைப்பில் வரலாம், தவறில்லை. ஒரு தலைப்பில் ஒரே கட்டுரைதான் நிற்கிறது என்றால் அதைப் பக்கத்துத் தலைப்போடு சேருங்கள்.

நாகப்பட்டினம்: கருப்பொருள் வாரியா அடுக்கினா அகர வரிசை கெட்டுடுமே?

நீங்கள் சொல்வது கடைசியில் வரும் நூற்பட்டியல். அது அகர வரிசையிலேயே இருக்கட்டும். இங்கே பேசுவது அத்தியாயத்தின் உள்ளே.

திருவாரூர்: எங்க கைடு "இந்திய ஆய்வுகள், வெளிநாட்டு ஆய்வுகள்"னு பிரிச்சே ஆகணும்ங்கிறார்.

பல கல்லூரிகளில் இந்த வழக்கம் உண்டு. பெரிய தலைப்பு இரண்டையும் விட்டுவைத்து, உள்ளே ஒரே கருப்பொருள்களை ஒரே வரிசையில் இருமுறை எழுதலாம். ஆனால் ஒப்பீடு இரண்டாக உடையும். அதைச் சேர்த்துக் காட்ட முடிவில் ஒரு பக்கம் வேண்டும். அந்தப் பக்கத்தையும் வெட்டச் சொல்கிற கைடுகள் இருக்கிறார்கள், அதற்கு என்னிடம் நல்ல வழி இல்லை. எழுதுவதற்கு முன்னால் அட்டவணையைக் கையில் கொண்டுபோய்க் கேட்டுப் பாருங்கள்.