‘வந்து’வை எல்லாம் வெட்டினால் பேச்சு ஏன் குதிக்கிறது?

“என் அப்பா ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியர். அவர் பேசிய 38 நிமிட வீடியோவை ஃபோனில் எடுத்தேன். எழுத்தை அழித்தால் வீடியோவும் வெட்டுப்படும் மென்பொருளில் போட்டு ‘வந்து’, ‘ம்ம்’, இடைவெளி எல்லாவற்றையும் ஒரே பட்டனில் நீக்கினேன். 27 நிமிடம் ஆனது. ஆனால் தலை குதிக்கிறது, சில வார்த்தை பாதியில் அறுகிறது, கடைசியில் உதடும் குரலும் பொருந்தவில்லை. சரிசெய்ய ஒருவர் நிமிடக் கணக்கில் பணம் கேட்கிறார். கொடுக்கலாமா?”

கொடுக்காதீர்கள். ஏன் என்று கீழே சொல்கிறேன். முதலில், வெட்டிய காப்பியை ஓரமாக வையுங்கள். அதை ஒட்டுப்போட்டுச் சரிசெய்ய உட்கார்ந்தால் ஒரு வாரம் போகும், மூல வீடியோவிலிருந்து மறுபடி தொடங்கினால் இரண்டு மாலைப்பொழுதில் முடியும். 38 நிமிடம் 27 ஆனது என்றாலே, ‘வந்து’, ‘ம்ம்’ போன்ற அர்த்தமில்லாத அசடுகளோடு சேர்த்து அவர் மூச்சு விட்ட இடங்களையும் எடுத்துவிட்டீர்கள் என்று அர்த்தம். அவசரமில்லாமல் பேசும் ஓர் ஆசிரியரின் பேச்சில் நான் நான்கைந்து நிமிடத்துக்கு மேல் எடுக்கவே தயங்குவேன்.

உதடு பொருந்தாத விஷயம் தனி. அது பெரும்பாலும் வெட்டினால் வந்ததல்ல, ஃபோனால் வந்தது. ஃபோன் கேமரா வெளிச்சத்துக்கும் சூட்டுக்கும் தகுந்தாற்போல் நொடிக்கு 30 படம், 28 படம் என்று மாற்றி மாற்றிப் பதிவு செய்யும். எடிட்டிங் மென்பொருள் எல்லா நொடியிலும் ஒரே எண்ணிக்கையில் படம் இருக்கிறது என்று எண்ணிக்கொள்ளும். தொடக்கத்தில் வித்தியாசம் தெரியாது, முப்பது நிமிடம் போனபின் நன்றாகத் தெரியும். அதனால் மென்பொருளில் போட்டுப் பேச்சை எழுத்தாக்கம் செய்வதற்கு முன்பே வீடியோவைச் சீரான வேகத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள். கணினியில் ffmpeg என்ற வீடியோ மாற்றும் கருவி இருந்தால் ஒரே வரிதான்:

```
ffmpeg -i appa.mp4 -vf fps=30 -c:v libx264 -crf 18 -c:a aac -b:a 192k appa30.mp4
```

இனி எல்லாம் appa30 கோப்பில்தான்.

இப்போது அறுபடும் வார்த்தைகளுக்கு வருவோம். எழுத்தைப் பார்த்து வெட்டும் மென்பொருள் ஒவ்வொரு சொல்லுக்கும் தொடக்க நேரம், முடிவு நேரம் என்று இரண்டு எண்களை வைத்திருக்கும். நீங்கள் சொல்லை அழித்தால் அந்த இரண்டு எண்களுக்கு நடுவே உள்ள படமும் ஒலியும் போகும். அந்த எண்கள் ஒரு மதிப்பீடுதான். நொடியில் இருபதில் ஒரு பங்கு தள்ளியிருந்தால்கூட அடுத்த சொல்லின் தலை போய்விடும். ஆங்கிலத்துக்காகச் செய்த கருவியில் தமிழைப் போட்டால் இது இன்னும் மோசம். நமக்குச் சொல்லும் சொல்லும் ஒட்டிக்கொள்ளும், ‘அதுவந்து’ என்று ஒரே மூச்சில் வரும், எங்கே பிரிப்பது என்று அதற்குத் தெரியாது. இத்தனை கோடிப் பேர் பேசும் மொழி, பல மென்பொருள்களின் மொழிப் பட்டியலில் இன்னும் பெயரே இல்லை. சந்தா மட்டும் நம்மிடம் முழுசாக வாங்கிக்கொள்வார்கள்.

இன்னொரு காரணமும் இருக்கிறது. ‘பத்து’, ‘பக்கம்’, ‘எட்டு’ சொல்லிப் பாருங்கள். த்த, க்க, ட்ட நடுவில் வாய் முழுவதும் அடைபட்டு ஒரு கணம் சத்தமே இருக்காது. நிசப்தம் கண்டுபிடிக்கும் வசதியில் குறைந்தபட்ச நீளத்தை 0.1 நொடி என்று வைத்திருந்தால், அந்த அடைப்பையும் ‘இடைவெளி’ என்று எண்ணி உருவிவிடும். ‘பத்து’ ‘பது’ மாதிரி கேட்கும். உங்கள் வீடியோவில் அறுந்த சொற்களைப் பட்டியல் போட்டுப் பாருங்கள், பாதி இந்த ரகமாகத்தான் இருக்கும். 0.8 நொடிக்குக் கீழே உள்ள எந்த இடைவெளியையும் கருவி தொடவே கூடாது என்று வையுங்கள். அதற்கு மேலுள்ளதையும் பூஜ்யமாக்காமல் அரை நொடிக்குச் சுருக்குங்கள். எழுத்தைப் பார்த்து வெட்டும் டிஸ்க்ரிப்ட் மென்பொருளில் Shorten word gaps என்ற பெயரில் இதற்கென்றே ஒரு வசதி உண்டு, இத்தனை நொடிக்கு மேல் போனால் இத்தனை நொடியாக்கு என்று சொல்லலாம்.

ஒரு கேள்வி கேட்டுவிட்டு மாணவர்களைப் பார்ப்பதுபோல் அவர் நிறுத்தியிருந்தால் அந்த இடத்தை விட்டுவிடுங்கள். இரண்டு நொடியானாலும் சரி.

‘ம்ம்’ பற்றி ஒரு விஷயம். பல எழுத்தாக்கக் கருவிகள் ‘ம்ம்’, ‘ஆ…’ போன்றவற்றை எழுதவே எழுதாது, சுத்தமான வாக்கியமாகத்தான் தரும். அதனால் எழுத்தில் தேடினால் கிடைக்காது. இரண்டு சொற்களுக்கு நடுவே சந்தேகப்படும்படி நீளமான இடைவெளி இருந்தால் அங்கே போய்க் கேளுங்கள், பெரும்பாலும் ஒரு ‘ம்ம்’ உட்கார்ந்திருக்கும்.

அடுத்தது ‘வந்து’. இதைக் கொஞ்சம் நீட்டித்தான் சொல்ல வேண்டும், இங்கேதான் எல்லோரும் மாட்டுகிறார்கள். உங்கள் அப்பாவின் பேச்சு கிட்டத்தட்ட இப்படித்தான் இருக்கும் என்று வைத்துக்கொள்வோம்: “இப்ப வந்து… ம்ம்… உப்புக் கரைசல்ல வந்து கரண்ட் விட்டா, என்னன்னா, பாத்தீங்கன்னா, ரெண்டு கம்பியிலயும் குமிழி வரும். குமிழி மேல வந்து உடையும்.”

இதில் மூன்று ‘வந்து’. தேடி மொத்தமாக அழித்தால் மூன்றும் போகும், மூன்றும் ஒன்றல்ல. முதலாவது சுத்தமான அசடு, பின்னால் ‘ம்ம்’ வேறு. ‘இப்ப’ முடிந்த இடத்திலிருந்து ‘உப்பு’ தொடங்குவதற்குச் சற்று முன்வரை ஒரே வெட்டாக எடுத்துவிடலாம். இரண்டாவதும் அசடுதான், ஆனால் ‘கரைசல்லவந்து’ என்று ஒட்டி வந்திருக்கிறது. அதை எடுத்தால் ‘கரைசல்ல’வின் வால் அறுந்து தொங்கும். இருக்கட்டும், யாரும் குறை சொல்லப் போவதில்லை. மூன்றாவது அசடே இல்லை, வினைச்சொல். குமிழி மேலே ஏறி வந்து, பிறகு உடைகிறது. அதை எடுத்தால் “குமிழி மேல உடையும்” என்று ஆகும், ஏறி வந்த கதை போய்விடும், வகுப்பில் கேட்கிற பையன் எதன் மேல் என்று கேட்பான்.

எப்படிப் பிரித்தறிவது? ‘வந்து’வுக்கு முன்னால் இடமோ திசையோ இருந்து (மேல, கிட்ட, வீட்டுக்கு), ஏதோ ஒன்று அங்கே நகர்கிறது என்றால் அது வினை, தொடாதீர்கள். கரைசலில் எதுவும் ‘வரவில்லை’, கரண்ட்தான் விடுகிறோம், அதனால் அது அசடு. காதுக்கும் ஓர் அடையாளம் உண்டு. அசடான ‘வந்து’வின் கடைசி உகரம் இழுபடும், வினையான ‘வந்து’ சட்டென்று அடுத்த சொல்லைப் பிடிக்கும். இரண்டும் முரண்பட்டால் விட்டுவிடுவதே மேல். ஓர் அசடு மிஞ்சுவதால் எதுவும் கெடாது, ஒரு வினை போனால் வாக்கியம் போய்விடும். ‘என்னன்னா, பாத்தீங்கன்னா’ இரண்டில் ஒன்றை எடுங்கள், ஒன்றை வையுங்கள். அடுத்து முக்கியமான ஒன்று வரப்போகிறது என்று கேட்பவரைத் தயார்செய்யும் சொல் அது, இரண்டையும் எடுத்தால் குமிழி திடீரென்று வந்து விழும்.

ஆக, எழுத்து இடத்தைக் காட்ட மட்டும். வெட்டுகிற கோட்டை ஒலி அலையைப் பெரிதாக்கிப் பார்த்து நீங்கள்தான் நகர்த்தி வைக்க வேண்டும். மூச்சுச் சத்தம் இருந்தால் முழுதாக வையுங்கள், அல்லது முழுதாக எடுங்கள். பாதி மூச்சு விக்கல் மாதிரி கேட்கும்.

குதிப்பைச் சரிசெய்வதில் படத்துக்கு முன் ஒலி. ஒலி வழுக்கிக்கொண்டு போனால் படத்தின் குதிப்பைக் கண் பாதி மன்னித்துவிடும். ஒவ்வொரு வெட்டிலும் ஒன்று அல்லது இரண்டு பிரேம் நீளத்துக்கு ஒலியைக் குறுக்குக் கரைப்பு செய்யுங்கள், அதாவது ஒரு துண்டின் ஒலி மங்கும்போதே அடுத்ததன் ஒலி எழட்டும், ‘டிக்’ சத்தம் போகும். மென்பொருள் தானாக வைக்கும் கரைப்பு ஒரு நொடி வரை இருக்கும், அப்படியே போட்டால் எடுத்த ‘ம்ம்’ ஆவி மாதிரி திரும்பி வரும். அப்புறம், அந்த அறையில் மின்விசிறி ஓடியிருக்கும். இரண்டு வாக்கியத்துக்கு நடுவே விசிறிச் சத்தம் அற்றுப்போனால் ஓட்டை மாதிரி தெரியும். ஆகவே இடைவெளிகளைச் சுருக்குவதற்கு முன்பே, அவர் பேசாத, மூச்சும் கேட்காத மூன்று நான்கு நொடியைத் தனியே எடுத்துச் சேமித்து வையுங்கள். ஓட்டை தெரியும் இடத்தில் அதை அடியில் போடலாம்.

படத்துக்கு எளிய வழி, நெருக்கக் காட்சி. 4K-வில் எடுத்து 1080p-யாக வெளியிடுகிறீர்கள் என்றால் 115 முதல் 120 சதவீதம் வரை பெரிதாக்கினாலும் தெளிவு குறையாது, 1080p-யிலேயே எடுத்திருந்தால் 110-ஐத் தாண்டாதீர்கள். ஒவ்வொரு வெட்டிலும் மாற்றினால் மயக்கம் வரும், கருத்து மாறும் இடத்தில் மாற்றுங்கள். கண்கள் இரண்டு அளவிலும் திரையில் ஒரே உயரத்தில் இருக்க வேண்டும். 103, 104 சதவீதம் என்று கொஞ்சமாகப் பெரிதாக்கினால் யாரோ கேமராவைத் தட்டிவிட்டது மாதிரிதான் தெரியும்.

எடிட்டிங் மென்பொருள்களான பிரீமியரில் Morph Cut, டாவின்சி ரிசால்வில் Smooth Cut என்று ஒன்று உண்டு. இரண்டு பிரேம்களுக்கு நடுவே முகத்தை உருக்கி இணைக்கும். தலை ஒரே இடத்தில், கைகள் படத்துக்கு வெளியே, பின்னணி அசையாமல் இருந்தால் எட்டுப் பத்துப் பிரேம் நீளத்தில் அற்புதமாக வேலை செய்யும். கை ஆட்டிக்கொண்டே பாடம் நடத்துகிறவரிடம் போட்டால் மூன்றாவது கை முளைக்கும், கண்ணாடிச் சட்டம் நெளியும். போட்ட பிறகு பிரேம் பிரேமாக ஓட்டிப் பாருங்கள், முகம் மெழுகு மாதிரி ஆனால் எடுத்துவிட்டு அந்த இடத்தை வேறு காட்சியால் மூடுங்கள். உப்புக் கரைசல் பற்றிப் பேசும்போது கண்ணாடிக் குடுவையும் குமிழியும் மூன்று நொடி காட்டினால் அடியில் நான்கு வெட்டு இருந்தாலும் யாருக்கும் தெரியாது. அவரிடம் கேட்டால் குடுவையும் பேட்டரியும் அவரே எடுத்து வைப்பார்.

கடைசியாக அந்த ‘நிமிடக் கணக்கு’ ஆசாமி. மூல வீடியோவின் நிமிடத்துக்கு விலை சொல்கிறவர்களில் பலர் நீங்கள் அழுத்திய அதே பட்டனைத்தான் அழுத்துவார்கள், மேலே கொஞ்சம் பின்னணி இசை போட்டு அறுந்த இடத்தை மறைப்பார்கள். நானும் ஒருமுறை ஏமாந்தேன். முடிந்த கோப்பை மட்டும் கொடுத்துவிட்டு, எடிட் செய்த கோப்பு வேண்டும் என்றால் தனிக் காசு என்றார் ஒருவர், இசை குரலோடு சேர்ந்து உருகியிருந்தது, பிரிக்கவே முடியவில்லை. கொடுத்தே ஆக வேண்டும் என்றால் 2 நிமிடத் துண்டு ஒன்றை மட்டும் செய்யச் சொல்லுங்கள், நடுவில் வினையான ‘வந்து’ ஒன்றாவது இருக்கும் துண்டாகப் பார்த்து. எடிட் கோப்பும் இசை இல்லாத குரல் தடமும் சேர்த்துத் தருவதாக எழுதி வாங்குங்கள். அந்த ‘வந்து’ திரும்பி வரவில்லை என்றால் மீதி 36 நிமிடத்தை அவரிடம் கொடுக்காதீர்கள்.