கலந்து எழுதினால் மார்க் குறையுமா?

கேள்வி: தண்டையார்பேட்டையில் ஒரு ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரீஷியன் பிரிவுக்குப் பாடம் எடுக்கிறேன். பசங்க தமிழில் வாக்கியம் எழுதி, நடுவில் ஆங்கிலச் சொற்களைப் போடுகிறார்கள். கூட வேலை செய்பவர் அதற்கு அரை மார்க் குறைக்கிறார். நான் எப்படித் திருத்துவது?

பதில்: குறைக்காதீர்கள், அம்மா. சாயங்காலம் காயில் கட்டும் கடையில் வேலை பார்க்கும் பையன் காதில் விழுவது ‘வைண்டிங்’தான். அவனுக்கு அதுதான் தொழிலின் சொல்.

மார்க் குறிப்பைச் சொற்களாக எழுதாமல் கருத்துகளாக எழுதிக்கொள்ளுங்கள். ‘டிரான்ஸ்ஃபார்மருக்கு டி.சி. கொடுத்தால் என்ன ஆகும், ஏன்?’ என்று 5 மார்க்குக்குக் கேட்கிறீர்கள் என்று வைப்போம். காந்தப்புலம் மாறாமல் நிற்கும். செகண்டரியில் மின்னழுத்தம் தூண்டப்படாது. பிரைமரியில் எதிர் மின்னழுத்தம் எழாது. கம்பியின் ரெசிஸ்டன்ஸ் மட்டுமே தடுப்பதால் கரண்ட் எகிறும். கம்பிச்சுருள் சூடாகி எரியும். கருத்துக்கு ஒரு மார்க்.

ஒருவன் இப்படி எழுதுகிறான்: “டி.சி. கொடுத்தா ஃப்ளக்ஸ் கான்ஸ்டன்டா இருக்கும், செகண்டரியில் இ.எம்.எஃப். இண்டியூஸ் ஆகாது. பிரைமரியில் பேக் இ.எம்.எஃப். இல்லாததால் கரண்ட் ஹெவியாப் போய் வைண்டிங் சூடாகி எரிந்துவிடும்.” இதற்கு 4. ரெசிஸ்டன்ஸைச் சொல்லாமல் விட்டதற்குத்தான் ஒன்று போகிறது. இன்னொருவன், “நேர் மின்னோட்டத்தில் மின்தூண்டல் நிகழாது. ஆகையால் மின்மாற்றி செயல்படாது” என்று சுத்தமாக எழுதுகிறான். படிக்க நன்றாக இருக்கிறது, ஆனால் ஏன் என்பதே இல்லை. 1 மார்க்குக்கு மேல் தர முடியாது.

நீங்கள் நிதானிக்க வேண்டிய இடம் வேறு. பாடத்திலும் தெருவிலும் இரண்டு அர்த்தத்தில் புழங்கும் சொற்கள் இருக்கின்றன. ‘கரண்ட்’ அப்படிப்பட்டது. “கரண்ட் போச்சு” என்றால் நம் வீட்டில் சப்ளை போனது என்று பொருள். அதே பழக்கத்தில் “செகண்டரியில் கரண்ட் வராது” என்று எழுதினால், அவன் வோல்டேஜைச் சொல்கிறானா என்று தாளின் மற்ற விடைகளைப் பாருங்கள். வேறிடத்தில் ஆம்பியரையும் வோல்ட்டையும் சரியாகப் பிரித்து எழுதியிருந்தால் மார்க் கொடுத்துவிடுங்கள். “கரண்ட் 230 வோல்ட்” என்று எழுதியிருந்தால் அது பாடத்தில் உள்ள தப்பு. அங்கே குறைக்கத்தான் வேண்டும். ஓரத்தில் ‘கரண்டா, வோல்டேஜா?’ என்று காரணத்தையும் எழுதிவிடுங்கள்.

எழுத்துப்பிழையும் இதே மாதிரிதான். ‘இண்டக்சன்’, ‘இன்டக்ஷன்’ எதுவானாலும் சரி. ‘கண்டக்ஷன்’ என்றால் வேறு விஷயமாகிவிடும். ‘ஃ’ விட்டுப்போய் ‘பேஸ்’ என்றிருந்தால் அது லைனின் ஃபேஸா, டிரான்சிஸ்டரின் பேஸா என்பதை வாக்கியமே சொல்லிவிடும்.

அப்புறம், கூட வேலை செய்பவரிடம் வாதம் வேண்டாம். இது உங்கள் உள்தேர்வு என்றால், பத்துத் தாளைப் பெயர் தெரியாமல் மடித்து, அவரும் நீங்களும் ஒரே குறிப்பை வைத்துத் தனித்தனியாகத் திருத்துங்கள். எந்த விடையில் ஒரு மார்க்குக்கு மேல் வித்தியாசம் வருகிறதோ, அதை மட்டும் எடுத்துவைத்து உட்கார்ந்து பேசுங்கள்.