அப்பா வாங்கிய வீட்டை நான் விற்றால், அசல் விலை எது?

கேள்வி: தண்டையார்பேட்டையில் 500 சதுர அடி மனையில் இருந்த வீட்டை என் அப்பா 1987-ல் 70,000 ரூபாய்க்கு வாங்கினார். 2008-ல் மாடி கட்டினார், 5 லட்சம் ஆனது. 2019-ல் காலமானார், உயில் இல்லை. 2021-ல் அக்கா தன் பாதியை எனக்கு விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்துவிட்டார். 2025 நவம்பரில் 52 லட்சத்துக்கு விற்றேன். அப்பா இறந்தபோது வீடு 38 லட்சம் பெறும் என்று தரகர் சொன்னார். அப்படியானால் 14 லட்சத்துக்கு மட்டும்தானே வரி?

பதில்: இல்லை. 38 லட்சத்தை மறந்துவிடுங்கள். இறந்த நாள், வாரிசுச் சான்றிதழ் வாங்கிய நாள், பட்டா பெயர் மாறிய நாள் எதுவுமே மூலதன ஆதாயக் கணக்கில் விலையாக வராது. உங்களுக்கு வீடு சும்மா வந்தது. சும்மா வந்த சொத்துக்கு, கடைசியாகக் காசு கொடுத்து வாங்கியவர் யாரோ அவருடைய விலையைத்தான் வருமான வரிச் சட்டத்தின் 49(1) பிரிவு உங்கள் விலையாக எடுத்துக்கொள்ளச் சொல்கிறது. உங்களுக்கு முந்தைய உரிமையாளர் யார் என்பது பொருட்டல்ல, காசு கொடுத்து வாங்கியவர் யார் என்பதே பொருட்டு. பெரம்பூர், வியாசர்பாடி பக்கம் தாத்தா மில் வேலையில் சேர்த்த காசில் வாங்கிய வீடு அப்பாவுக்கு வந்து, பிறகு பேரனுக்கு வந்திருந்தால், தாத்தாவின் கிரயப் பத்திரம் வரை போக வேண்டும். உங்கள் விஷயத்தில் அது அப்பாவின் 1987 பத்திரம்.

வாங்கிய தேதியும் அவருடையதுதான். அதனால் சொத்தை வைத்திருந்த காலம் 24 மாதத்தைத் தாண்டுகிறதா என்ற கேள்வியே எழாது. இது நீண்டகால ஆதாயம்.

அப்படியானால் 70,000 ரூபாய்தானா என்று பதற வேண்டாம். 2001 ஏப்ரல் 1-க்கு முன் வாங்கிய சொத்துக்கு, அந்தத் தேதியில் இருந்த சந்தை மதிப்பை வாங்கிய விலைக்குப் பதிலாக வைத்துக்கொள்ளலாம். அப்பாவுக்கு இருந்திருக்கக்கூடிய அந்த உரிமை வாரிசாக உங்களுக்கும் உண்டு. ஆனால் ஒரு கட்டுப்பாடு இருக்கிறது. 2020 ஏப்ரலுக்குப் பிந்தைய விற்பனைகளில், நிலத்துக்கும் கட்டிடத்துக்கும் நீங்கள் எடுக்கும் 2001 மதிப்பு, அந்தத் தேதியில் பத்திரப் பதிவுக்கு அரசு வைத்திருந்த மதிப்பைத் தாண்டக்கூடாது. பதிவுபெற்ற மதிப்பீட்டாளர் 7 லட்சம் என்று அறிக்கை தந்தாலும், அப்போதைய வழிகாட்டி மதிப்புப்படி 4 லட்சம்தான் வருகிறது என்றால் 4 லட்சத்தோடு நிற்க வேண்டும். என்னிடம் வருபவர்களில் பலர் அந்த அறிக்கைக்குக் காசு கொடுத்த பிறகுதான் இதைத் தெரிந்துகொள்கிறார்கள். வழிகாட்டி மதிப்பை முதலில் பாருங்கள், மதிப்பீட்டாளரை அப்புறம் பாருங்கள்.

2001-ன் வழிகாட்டி மதிப்புக்கு உங்கள் பகுதி சார்பதிவாளர் அலுவலகத்தில் விண்ணப்பம் கொடுங்கள். சென்னைக்குள் அது தெருவாரியாக, சதுர அடிக்கு இவ்வளவு என்று இருக்கும். தெருப் பெயரை அப்பாவின் பத்திரத்தில் உள்ளபடி எழுதுங்கள். பழைய எண், புதிய எண் இரண்டையும் குறிப்பிடுங்கள். வட சென்னையில் கதவிலக்கம் மாறிய வீட்டுக்கு வேறு தெருவின் மதிப்பைப் பார்த்துத் தந்த அனுபவம் எனக்கு உண்டு. கிடைக்கும் மதிப்பு மனைக்குத்தான். 2001-ல் நின்ற பழைய கட்டிடத்துக்குத் தேய்மானம் கழித்துத் தனியாக மதிப்புப் போட வேண்டும். இந்த இடத்தில் மதிப்பீட்டாளர் தேவைப்படுவார்.

கணக்குக்காக ஒரு எண்ணை வைத்துக்கொள்வோம். உங்கள் தெருவில் 2001-ல் சதுர அடி 600 ரூபாய் என்றால் மனை 3 லட்சம். பழைய கட்டிடத்துக்கு 1 லட்சம். ஆக 4 லட்சம். மாடி கட்டிய 5 லட்சத்தையும் சேர்க்கலாம்; கட்டியது அப்பாதான் என்றாலும், முந்தைய உரிமையாளர் செய்த மேம்பாட்டுச் செலவு உங்கள் கணக்கில் வரும். (2001-க்கு முன் செய்த மேம்பாடு மட்டும் வராது, அது 2001 மதிப்புக்குள்ளேயே அடங்கிவிடுகிறது.) விற்றபோது தரகர் கமிஷன் உட்பட 1 லட்சம் செலவானதாக வைத்தால், கையில் நிற்பது 51 லட்சம்.

இனி வரி. 2024 ஜூலை 23 முதல் நிலம், கட்டிட விற்பனைக்கு 12.5 சதவீதம், விலைவாசி உயர்வுக்கு ஏற்ப அசலை உயர்த்திக் காட்டும் பணவீக்கக் குறியீடு கிடையாது. 51-லிருந்து 4-ஐயும் 5-ஐயும் கழித்தால் ஆதாயம் 42 லட்சம். அதில் 12.5 சதவீதம் 5,25,000 ரூபாய். ஆனால் அந்தத் தேதிக்கு முன்பே வாங்கிய நிலத்தையும் கட்டிடத்தையும் இந்தியாவில் வசிப்பவர் விற்றால், பழைய முறையில் குறியீட்டோடு 20 சதவீதம் போட்டுப் பார்த்து, எது குறைவோ அதைக் கட்டலாம்.

குறியீடு 2001-02-க்கு 100, 2008-09-க்கு 137, நீங்கள் விற்ற 2025-26-க்கு 376. நான்கு லட்சம் 3.76 மடங்காகி 15,04,000 ஆகிறது. மாடிச் செலவு 5 லட்சத்தை 376-ஆல் பெருக்கி 137-ஆல் வகுத்தால் 13,72,263. இரண்டையும் 51 லட்சத்திலிருந்து கழித்தால் ஆதாயம் 22,23,737. அதில் 20 சதவீதம் 4,44,747. பழைய முறைதான் உங்களுக்கு லாபம். 80,000 ரூபாய்க்குச் சற்று மேல் மிச்சம். எந்த முறையானாலும் வரியின் மேல் 4 சதவீதம் செஸ் உண்டு.

மாடிச் செலவுக்கு ஆதாரம் இல்லாமல் போனால் என்ன ஆகும் என்று பாருங்கள். பழைய முறையில் வரி 7,19,200, புதிய முறையில் 5,87,500. இப்போது புதிய முறைதான் குறைவு. ஆக, மாடிக்கான காகிதம் உங்கள் கையில் இருப்பதன் மதிப்பு 1,42,753 ரூபாய். மேம்பாடு எதுவும் செய்யாத வீட்டுக்கு நான் கையாளும் சுருக்கு வழி ஒன்று: செலவு போக விற்ற விலை, 2001 மதிப்பைப் போல 8.36 மடங்குக்குக் கீழே இருந்தால் பழைய முறை, மேலே போனால் புதிய முறை. இந்த மடங்கு 2025-26-ன் குறியீட்டுக்கு மட்டும் பொருந்தும்.

அந்தக் காகிதம் என்றால் என்ன? கொத்தனாருக்குக் கொடுத்த கூலிக்கு 2008-ல் யாரும் ரசீது வாங்கியிருக்க மாட்டார்கள். வங்கிக் கடன் வாங்கிக் கட்டியிருந்தால் கடன் கணக்கு, மாநகராட்சி அனுமதித்த வரைபடம், மாடி கட்டிய பின் சொத்து வரி உயர்ந்ததற்கான ரசீது, அந்தச் சமயத்தில் அப்பாவின் பாஸ்புக்கில் பணம் எடுத்த பதிவுகள் இவற்றைச் சேர்த்து வையுங்கள். எதுவுமே இல்லாமல் வாய்க்கு வந்த தொகையை எழுதினால், விசாரணை வரும்போது அதைத் தள்ளிவிடுவார்கள். தள்ளினால் மேலே சொன்ன 5,87,500 கணக்குக்கு வந்து நிற்பீர்கள், வட்டியோடு.

ரிட்டர்னில் பலர் சறுக்குவது தேதியில். சொத்து கைக்கு வந்த ஆண்டு என்று 2019-20 போட்டு, அந்த ஆண்டின் குறியீடான 289-ஆல் வகுத்துவிடுவார்கள். அப்படிச் செய்தால் 4 லட்சம் 15 லட்சமாக உயராது, 5,20,415-லேயே நின்றுவிடும். முன்பு வருமான வரித் துறையும் வாரிசின் ஆண்டிலிருந்துதான் குறியீடு என்று வாதாடியது. மஞ்சுளா ஷா வழக்கில் மும்பை உயர் நீதிமன்றம், முந்தைய உரிமையாளர் வைத்திருந்த ஆண்டிலிருந்துதான் குறியீடு போட வேண்டும் என்று 2011-ல் தீர்ப்பளித்தது. உங்கள் கணக்கில் அப்பா வாங்கிய ஆண்டு 2001-க்கு முந்தையது என்பதால் 2001-02-லிருந்து தொடங்குகிறது.

அக்காவின் பாதிக்கு வருவோம். அவர் பணம் எதுவும் வாங்காமல் விடுதலை செய்திருந்தால் கவலை இல்லை. அந்தப் பாதியும் உங்களுக்குச் சும்மா வந்ததுதான், அதற்கும் அப்பாவின் விலையும் தேதியுமே. ஆனால் பத்திரத்தை எடுத்து ஒருமுறை வரிவரியாகப் படியுங்கள். பத்திரம் எழுதுபவர்கள் பழக்கதோஷத்தில் ‘மேற்படி பாகத்துக்காக ரூபாய் இவ்வளவு பெற்றுக்கொண்டு’ என்று ஒரு தொகையை எழுதிவிடுவது உண்டு. அப்படி எழுதியிருந்தால், அந்தப் பாதியை நீங்கள் 2021-ல் விலைக்கு வாங்கியதாக ஆகிவிடும். உண்மையிலேயே பெரிய தொகை கொடுத்திருந்தால் அது உங்களுக்கு நல்லதே, கொடுத்த தொகை முழுவதும் விலையாகும். கொடுக்காத சின்னத் தொகை பத்திரத்தில் இருந்தால்தான் தலைவலி. 4 லட்சத்தில் பாதியும் 2001-லிருந்து வரும் குறியீடும் போய், அந்தச் சின்னத் தொகை மட்டும் நிற்கும். எது எழுதியிருக்கிறது என்று தெரிந்துகொண்ட பிறகு ஆடிட்டரிடம் போங்கள்.

வெளிநாட்டில் இருக்கும் உடன்பிறப்போடு கூட்டாக விற்பவர்கள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். எது குறைவோ அதைக் கட்டும் சலுகை இந்தியாவில் வசிப்பவருக்கு மட்டும்தான். துபாயில் இருக்கும் தம்பியின் பங்குக்கு 12.5 சதவீதமே. அப்பாவின் விலையும் 2001 மதிப்பும் மட்டும் அவருக்கும் கிடைக்கும்.

வேறு வீடு வாங்கி வரியைத் தவிர்க்கலாம் என்று யோசித்தால், முதலீடு செய்ய வேண்டிய ஆதாயம் 42 லட்சம் என்று எடுத்துக்கொள்ளுங்கள், 22 லட்சம் அல்ல. குறியீட்டுச் சலுகை வரித் தொகையைக் குறைக்கத்தான் வந்தது. ஆதாயத்தின் கணக்கு குறியீடு இல்லாமலேயே நிற்கிறது. விற்ற விலை 50 லட்சத்தைத் தொட்டதால் வாங்கியவர் 1 சதவீதம், அதாவது 52,000 ரூபாய் பிடித்துக் கட்டியிருக்க வேண்டும். ரிட்டர்ன் போடும் முன் அது உங்கள் படிவம் 26AS-ல் வந்திருக்கிறதா என்று பாருங்கள். வரவில்லை என்றால் அவரிடம் பிடித்தம் செய்த சான்றிதழைக் கேளுங்கள்.