ஹட்டன் மழைக்கு நாள் கேட்கலாமா?

"ஹட்டன் பக்கம் பாடசாலைக்கு இரண்டு மாடிக் கட்டடம் எடுத்திருக்கிறோம். தொகை 6 கோடி ரூபா, ஏப்ரல் 15 முதல் 240 நாள், ஃபிடிக் அமைப்பின் 1999 சிவப்புப் புத்தக ஒப்பந்த நிபந்தனைகள். பிந்தினால் நாளுக்கு 0.05 வீதம் நட்டஈடு, உச்சம் 10 வீதம். மழையால் வேலை நின்றால் ஃபோர்ஸ் மஜூர் என்று நாள் கேட்கலாம்தானே? இல்லையென்றால் வேலைத்திட்டத்தை எப்படிப் போடுவது?"

ஜூன் மழைக்கு அந்தப் பெயரில் கேட்டால் கிடைக்காது. ஒப்பந்தம் செய்யும் முன் நியாயமாக ஏற்பாடு செய்திருக்க முடியாத நிகழ்வைத்தான் 19.1ஆம் விதி ஃபோர்ஸ் மஜூராக ஏற்கிறது. மே முதல் செப்டம்பர் வரை தென்மேல் பருவமழை மேற்குச் சரிவில் கொட்டுவது ஹட்டனில் யாருக்குப் புதுச்செய்தி? மழைக்கு உரிய இடம் 8.4ஆம் விதி. அங்கும் வழமையை மிக மீறிய மோசமான காலநிலைக்கே நாள் உண்டு. ஆகவே வழமை எவ்வளவு என்பதை முதலில் நீங்களே தாளில் காட்டியிருக்க வேண்டும்.

அதற்கு வளிமண்டலவியல் திணைக்களத்திடம் அருகிலுள்ள நிலையத்தின் 10 ஆண்டு தினசரி மழைப் பதிவை வாங்குங்கள். மண் வெட்டவும் அத்திவாரம் போடவும் முடியாத அளவு மழை பெய்த நாட்களை மாதவாரியாக எண்ணுங்கள். ஜூனில் சராசரி 12 நாள் என்று வந்ததாக வைத்துக்கொள்வோம். அந்த 12 நாளை மண்வேலை, அத்திவாரம், தாங்குசுவர் ஆகியவற்றின் நாட்காட்டியில் மட்டும் வேலையற்ற நாளாக்குங்கள். கூரைக்குக் கீழ் நடக்கும் பூச்சு வேலைக்கு அது தேவையில்லை. எல்லாவற்றுக்கும் ஒரே நாட்காட்டி போடுவதுதான் நான் அதிகம் காணும் பிழை. இந்தத் திட்டம், வேலை தொடங்கும் அறிவித்தல் கிடைத்து 28 நாளுக்குள் பொறியியலாளரிடம் போக வேண்டும். எத்தனை மில்லிமீற்றருக்கு மேல் மழை நாள் என்ற அளவுகோலையும் அதிலேயே எழுதிவிடுங்கள். ஒப்பந்தத்தில் அது இல்லை, பிறகு சண்டை அதில்தான் வரும். தளத்தில் ஒரு மழைமானி வைத்து, திணைக்களம் செய்வதுபோல் காலை 8.30க்கு வாசித்து நாளேட்டில் எழுதுங்கள். பிறகு ஜூனில் 19 மழை நாள் வந்தால், கூடிய 7 நாளுக்கு வாதாட அடிப்படை இருக்கும்.

ஃபோர்ஸ் மஜூர் உண்மையில் பொருந்தக்கூடியது பெரும் மண்சரிவுக்கு. ஏ7 வீதியில் ஆண்டுதோறும் விழும் சிறு சரிவைச் சொன்னால் "எதிர்பார்த்திருக்க வேண்டும்" என்பார்கள். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் செய்தது போன்ற அழிவென்றால் வாதம் மிக வலுவாக நிற்கும்.

உங்கள் கணக்கிலேயே பார்ப்போம். நட்டஈடு நாளுக்கு 30,000 ரூபா. உச்சம் 60 இலட்சம், 200 நாளில் எட்டும். முடிவு நாள் டிசம்பர் 11. ஜூன் 20 அன்று பெரும் சரிவில் வீதி 9 நாள் மூடப்பட்டது என்று வையுங்கள். உங்களுக்கு 9 நாள் கிடைக்காது. முடிவு நாளைத் தள்ளும் வேலை எது, அது எத்தனை நாள் நின்றது என்றுதான் பொறியியலாளர் பார்ப்பார். அது அத்திவாரக் கொங்கிரீட்; தளத்தில் 4 நாளுக்குச் சீமெந்தும் கம்பியும் இருந்தால், தாமதம் 5 நாளே. ஒன்றரை இலட்சம் ரூபா தப்பும். கையிருப்பு வைத்ததால் உரிமை குறைந்துவிட்டதே என்று சிலர் நினைப்பார்கள். ஆனால் பாதிப்பைக் குறைப்பது உங்கள் கடமையே; 19.3 அதைச் சொல்கிறது. தவிர, அந்த 4 நாளும் வேலை நடந்திருக்கும்.

அந்த 5 நாளையும் இழக்க ஒரு வழி இருக்கிறது: கடிதம் எழுதாமல் விடுவது. சம்பவம் தெரிந்து 14 நாளுக்குள் 19.2இன்படி அறிவித்தல், 28 நாளுக்குள் 20.1இன்படி கோரிக்கை அறிவித்தல், 42 நாளுக்குள் விபரக் கோரிக்கை. எல்லாம் சம்பவம் தெரிந்த நாளிலிருந்தே எண்ணப்படும். 28 நாள் தவறினால் சரிவு எவ்வளவு உண்மையாக இருந்தாலும் உரிமை போய்விடும். முதல் கடிதத்திலேயே 20.1ஐயும் குறிப்பிட்டால் இரண்டு கெடுவுக்கும் ஒரு கடிதம் போதும். தொலைபேசியில் சொன்னது கணக்கில் வராது. வீதி மூடிய அறிவித்தல், படங்கள், தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் விடுத்த மண்சரிவு எச்சரிக்கை ஆகியவற்றையும் சேர்த்து வையுங்கள்.

இயற்கை அனர்த்தத்துக்குக் கிடைப்பது நாள் மட்டும். நின்ற நாட்களுக்கான தளக் காவல், வாடகை, சம்பளம் உங்கள் கையிலிருந்து போகும். 19.4 செலவைத் தருவது போர், கலகம் போன்றவற்றுக்கே. ஆகவே காப்புறுதியில் மண்சரிவு விலக்கப்பட்டிருக்கிறதா என்று இப்போதே வாசியுங்கள்.

திட்டத்தைப் பொறுத்தவரை, ஒரு நாளில் மூட முடிந்த அளவுக்கே சரிவை வெட்டுங்கள். திறந்த வெட்டில் மழை இறங்கினால் வரும் சரிவு உங்கள் தவறாகவே எழுதப்படும். ஏப்ரலில் இடிமழை பெரும்பாலும் பிற்பகலில் என்பதால் கொங்கிரீட்டைக் காலையில் போடுங்கள். கூரையை ஒக்டோபர் நடுப்பகுதிக்குள் ஏற்றுங்கள். அதன்பின் இடைப்பருவ மழை வந்தாலும் பூச்சு, கதவு, வயரிங் உள்ளே ஓடும்.