புடவை போட்டோவில் துணி மேல் வானவில் மாதிரி வரிவரியாக நிறம் விழுகிறது. நேரில் அப்படி இல்லை. கேமரா கோளாறா? எடிட்டிங்கில் நீக்க முடியுமா?

கேமரா கோளாறு இல்லை. நீக்க முடியும், ஆனால் பாதிதான். மீதிப் பாதியை எடுக்கும்போதே தடுக்க வேண்டும். நீங்கள் ஆன்லைனில் புடவை விற்கிறவர், அல்லது விற்கிறவருக்குப் படம் எடுத்துக் கொடுக்கிறவர் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். இரண்டாமவர் என்றால் என் அனுதாபங்கள்.

முதலில் ஒன்றைப் பாருங்கள். படத்தை 100% அளவில் திறந்து, அப்போதும் வரி தெரிகிறதா என்று பாருங்கள். 33%, 50% என்று சுருக்கிப் பார்க்கும்போது மட்டும் தெரிந்து, 100%-இல் காணாமல் போனால் அது கோப்பில் இல்லை, படத்தைச் சுருக்கிக் காட்டும் மென்பொருளின் வேலை. நான் ஒரு ராத்திரி முழுக்க இல்லாத வரியை அழித்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

இனி என் கதை. எங்கள் அப்பா நெகமம் பக்கம் தறி ஓட்டியவர். நான் தறியை விட்டுக் கேமராவைப் பிடித்தேன். ஒரு கடைக்காரர், பெயர் வேண்டாம், படத்துக்கு இவ்வளவு என்று பேசி வேலை கொடுத்தார். க்ரீம் நிறக் காட்டன் புடவை, அரக்குக் கரை. உடல் முழுக்க வெறும் க்ரீம்தான், கட்டம்கூடக் கிடையாது. முந்தானையை விரித்து, சட்டகத்தின் அகலம் 90 செ.மீ. வரும்படி வைத்து, லென்ஸ் துவாரம் f/8-இல் எடுத்தேன். கேமராவின் சின்னத் திரையில் பிரமாதமாக இருந்தது. அனுப்பிவிட்டேன்.

இரண்டு வாரம் கழித்து போன். "ஏந் தம்பி, இப்படிப் பண்ணிப்போட்டியே? மூணு பொடவை திரும்பி வந்திருக்குது." வாங்கிய அம்மா ஒருவர் எழுதியிருந்தது: படத்தில் ரோஸும் பச்சையும் கலந்து மயில்கழுத்து மாதிரி மின்னியது, வந்தது வெறும் க்ரீம். அவரைக் குறை சொல்ல முடியாது. பாவு ஒரு நிறம், ஊடை ஒரு நிறம் போட்டு நெய்த புடவை அப்படித்தான் மின்னும். படத்தில் ஒன்றரை அங்குல அகலத்தில் ரோஸ், பச்சை, ரோஸ், பச்சை என்று வளைந்து வளைந்து ஓடியது. கூரியர் செலவு என் கணக்கில் கழிக்கப்பட்டது.

ஏன் வந்தது? இரண்டு கொசுவலையை ஒன்றன் மேல் ஒன்றாகப் போட்டுப் பாருங்கள். எந்த வலையிலும் இல்லாத பெரிய அலை ஒன்று மேலே மிதக்கும். அதுதான் மொய்ரே. இங்கே ஒரு வலை துணியின் இழை, இன்னொரு வலை சென்சாரின் பிக்சல் வரிசை. (மொய்ரே என்பதே துணிப் பெயர்தான். பட்டுத் துணியை இரட்டையாக மடித்து அழுத்தி, தண்ணீர் அலை மாதிரிக் கோலம் வரவைக்கும் ஒரு வகை.)

அப்பாவின் பழைய இழை எண்ணும் மடக்குக் கண்ணாடியை எடுத்து வைத்து எண்ணினேன். ஒரு அங்குலத்துக்கு 84 இழை, அதாவது மில்லிமீட்டருக்குச் சுமார் 3.3. என் கேமராவில் அகலவாக்கில் 6000 பிக்சல். அது 90 செ.மீ. துணியைப் பிடித்தால் மில்லிமீட்டருக்கு 6.67 பிக்சல். வகுத்துப் பார்த்தால் ஒரு இழைக்கு இரண்டு பிக்சலும் ஒரு துளியும் வருகிறது. கண்டமே அங்கேதான்.

சென்சாரில் எல்லாப் பிக்சலும் எல்லா நிறத்தையும் பார்ப்பதில்லை. சிவப்பு ஒன்று விட்டு ஒன்று, நீலமும் ஒன்று விட்டு ஒன்று. பச்சை மட்டும் நெருக்கமாக இருக்கும். அதாவது சிவப்பு, நீலக் கண்களின் இடைவெளி இரண்டு பிக்சல். என் இழையின் இடைவெளி 2.016 பிக்சல். இரண்டு வலையும் ஏறத்தாழ ஒரே அளவு, ஒரு மயிரிழைதான் வித்தியாசம். அதனால் ஓரிடத்தில் சிவப்புக் கண் இழையின் மேட்டையே பார்த்துக்கொண்டு போகும், கொஞ்சம் தள்ளி பள்ளத்தையே பார்த்துக்கொண்டு போகும். இது ஒரு சுற்றுச் சுற்றி வரச் சுமார் 250 பிக்சல் ஆகும். துணி மேல் அளந்தால் 38 மில்லிமீட்டர், அந்த ஒன்றரை அங்குலம். கணக்கு இப்படிப் பிசகாமல் பொருந்தியபோது மூன்று புடவைத் துக்கம் கொஞ்சம் குறைந்தது.

இதைத் தடுக்கச் சில கேமராக்களில் சென்சாருக்கு முன்னால் படத்தைத் துளி மங்கலாக்கும் ஒரு வடிகட்டி இருக்கும். 2012-இல் நிகான் D800, D800E என்று இரண்டு மாடல் விட்டதே இதற்குத்தான். முதலாவதில் வடிகட்டி வேலை செய்யும், இரண்டாவதில் அதன் வேலையை ரத்து செய்திருப்பார்கள். என்னுடையது வடிகட்டியே இல்லாத ரகம். கூர்மை அதிகம் என்று ஆசைப்பட்டு வாங்கியது.

எடிட்டிங்குக்கு வருகிறேன். நான் முதலில் செய்தது எல்லோரும் சொல்லும் வழி: ஃபோட்டோஷாப்பில் `Ctrl+J` அழுத்திப் படத்தை இன்னொரு லேயராக நகலெடு, `Gaussian Blur` போடு, லேயரை `Color` என்று மாற்று. வெளிச்சமும் இழை விவரமும் கீழே இருந்து வரும், நிறம் மட்டும் மங்கிய லேயரில் இருந்து வரும். யோசனை சரிதான். ஆனால் நான் 10 பிக்சல் போட்டேன், ஒன்றும் ஆகவில்லை. பட்டை 250 பிக்சலில் ஒரு சுற்று வருகிறது என்றால், அதில் ஐந்தில் இரண்டு பங்காவது, அதாவது 100 பிக்சல் மங்கலாக்கினால்தான் ரோஸும் பச்சையும் கலந்து ஒன்றையொன்று கொல்லும். 100 போட்டதும் வரி போனது, கூடவே அரக்குக் கரை க்ரீம் உடலுக்குள் சாயம் போன மாதிரி வழிந்தது. சாயம் போகும் புடவை என்று இன்னும் மூன்று திரும்பி வந்திருக்கும்.

ஒரே நிறத் துணிக்கு இதைவிட எளிய வழி இருக்கிறது. அதே விளக்கில், அதே ஒயிட் பேலன்ஸில், அதே துணியைக் கிட்டத்தில் வைத்து ஒரு படம் எடுங்கள். சட்டகம் 45 செ.மீ. அல்லது அதற்கும் குறைவு என்றால் ஒரு இழைக்கு நான்கு பிக்சல் கிடைக்கும், நிறம் சுத்தமாக வரும். அதிலிருந்து ஐட்ராப்பரால் க்ரீம் நிறத்தைத் தொட்டு எடுங்கள். பெரிய படத்தில் ஒரு காலி லேயரை `Color` என்று வைத்து, கரையைத் தொடாமல் உடல் மேல் பிரஷ்ஷால் பூசுங்கள். மடிப்பின் நிழல், இழை எல்லாம் அப்படியே இருக்கும், நிறம் மட்டும் துணியின் உண்மையான நிறமாகும். ஏமாற்று வேலை என்று சொல்ல வருகிறவர்களுக்கு: துணியில் இல்லாத பச்சையை அழிப்பது ஏமாற்று இல்லை, விட்டு வைப்பதுதான்.

கட்டம், கோடு, இரு நிற நெசவு என்றால் இப்படிப் பூச முடியாது. அப்போது லைட்ரூமிலோ கேமரா ராவிலோ மாஸ்க் பிரஷ்ஷை எடுத்து, `Moiré` என்ற ஸ்லைடரை ஏற்றி, வரி விழுந்த இடத்தில் மட்டும் தடவுங்கள். மொத்தப் படத்துக்கான பேனலில் தேடாதீர்கள், மாஸ்க்குக்குள்தான் இருக்கும். ஜேபெக்கைவிட ரா கோப்பில் நன்றாகக் கேட்கும். 100 வரை ஏற்றியும் போகவில்லை என்றால் எடுத்த விதத்தைத்தான் மாற்ற வேண்டும்.

மேலே பாதிதான் என்றேனே, அது இதனால்தான். இவையெல்லாம் நிறத்தை மட்டும் நீக்கும். வெளிச்சமும் இருட்டுமாக விழுந்த அலை அங்கேயே நிற்கும், சாம்பல் பூத்த மாதிரி. அதற்கு எனக்குக் கேட்ட ஒரே மருந்து திரும்ப எடுப்பது.

அதே புடவை, அதே ட்ரைபாட், அதே 90 செ.மீ. துவாரத்தை மட்டும் மாற்றினேன். f/8-இல் வானவில் முழுசாக. f/11-இல் வெளிறியது. f/16-இல் காணவில்லை. துவாரம் சிறுக்கச் சிறுக்க ஒளி சிதறும், லென்ஸ் தானாகவே நுண்ணிய விவரத்தைக் காட்ட முடியாமல் போகும். என் சென்சாரில் ஒரு பிக்சல் சுமார் 3.9 மைக்ரான். அந்தத் தூரத்தில் இழையும் இடைவெளியும் சேர்ந்து ஒரு ஜோடி என்று சென்சார் மேல் மில்லிமீட்டருக்கு 126 ஜோடி வீதம் விழுகின்றன. பச்சை ஒளிக்கு f/16-இல் எந்த லென்ஸாலும் சுமார் 114-க்கு மேல் காட்ட முடியாது. இழையே தெரியாதபோது அலை எங்கிருந்து வரும்?

"f/16-இல் படம் மங்கிவிடுமே" என்று கருத்துப் பெட்டியில் வரப்போகிறவர்களே, தெரியும். மங்கும். ஆனால் நீங்கள் f/8-இல் பார்த்து மெச்சுகிற அந்தக் கூர்மை இழை இல்லை, பொய் வரி. கொஞ்சம் ஷார்ப்பனிங் கொடுத்தால் கரையும் ஜரிகையும் திரும்ப எழுந்து நிற்கும். நெசவு தெரிய வேண்டுமா, கிட்டத்துப் படம் ஒன்றைத் தனியாகக் கொடுங்கள். வெளிச்சம் மட்டும் நான்கு மடங்கு வேண்டும், ஃபிளாஷை ஏற்றுங்கள். கையில் பிடித்து எடுக்கிறவர்களுக்கு இது ஒத்துவராது. அவர்கள் இரண்டடி முன்னே பின்னே நகர்ந்து பார்க்கலாம்.

அந்தக் கிட்டத்துப் படத்திலும் ஒரு பொறி உண்டு. தளத்துக்காக 6000-ஐ 1200 ஆகச் சுருக்கும்போது மட்டமான மென்பொருள் புதிதாக ஒரு மொய்ரேயைப் பெற்றுப்போடும். நீங்களே முதலில் 2 பிக்சல் `Gaussian Blur` போட்டுவிட்டுச் சுருக்கி அனுப்புங்கள். தளம் பார்த்துக்கொள்ளும் என்று விடாதீர்கள்.

லேப்டாப், டிவி திரையைப் போட்டோ எடுத்து வரி வருகிறது என்றால் அதுவும் இதே சங்கதி, துணிக்குப் பதில் திரையின் பிக்சல். ஸ்கிரீன்ஷாட் எடுக்க முடிந்தால் எடுத்துத் தொலையுங்கள். முடியாவிட்டால் ஃபோகஸைத் துளி தவறவிடுங்கள். கேமராவைச் சாய்த்தால் வரி எப்போதும் போய்விடாது, சில நேரம் வேறு பக்கம் ஓடும்.

கடைசியாக, கேட்காத ஒன்று. பல வருடம் எடுத்ததில் நான் பார்த்தது: விசைத்தறித் துணியில்தான் இந்த அலை பிசிறில்லாமல், ஸ்கேல் வைத்த மாதிரி விழும். கைத்தறியில் இழை இடைவெளி கொஞ்சம் ஏறி இறங்கும், அலையும் தள்ளாடும். இதை வைத்துத் தீர்ப்புச் சொல்ல மாட்டேன், கை தேர்ந்த நெசவாளியின் துணி ஏமாற்றிவிடும். ஆனால் அந்தக் கடைக்காரர் அடுத்த மாதம் அனுப்பிய கட்டு முழுக்க ஸ்கேல் வைத்த அலை. லேபிளில் 'அசல் கைத்தறி'. சில வகைப் புடவைகளைக் கைத்தறிக்கென்றே ஒதுக்கி 1985-இல் சட்டம் வந்தது, அப்பா அதை நம்பித்தான் தறியை இன்னும் பத்து வருடம் ஓட்டினார். "அண்ணா, இது விசைத்தறிங்களே" என்றேன். "உனக்கு போட்டோ எடுக்கத்தான் காசு தம்பி" என்றார். எடுத்துக் கொடுத்தேன், f/16-இல், ஒரு வரிகூட இல்லாமல். அதற்கான பாக்கி இன்னும் வரவில்லை.