ஜோடி டிரான்சிஸ்டருக்குக் காசைக் கொட்டாதீர்கள்

"ஐயா, இரண்டு பிசி547பி வைத்து கரண்ட் மிரர் கட்டியிருக்கிறேன். 12 வோல்ட் சப்ளை, ரெஃபரன்ஸ் பக்கம் 11 கிலோ ஓம், 1.03 மில்லியாம்ப் ஓடுகிறது. அவுட்புட்டில் 10 கே லோடு போட்டால் 1.05. 1 கே போட்டால் எடுத்த எடுப்பிலேயே 1.19, அப்புறம் மெல்ல 1.4 வரை ஏறுகிறது. கடைக்காரர் மேட்ச்டு பேர்தான் வேண்டும் என்கிறார். வாங்கலாமா?"

வேண்டாம். ரெஃபரன்ஸ் பக்கத்தில் ஓடும் கரண்டை அவுட்புட்டில் அப்படியே நகலெடுப்பதுதான் மிரரின் வேலை. ஜோடி பொருந்தவில்லை என்றால் 10 கே-யிலும் இதே விகிதத்தில் தப்பு வந்திருக்கும். அங்கே கிட்டத்தட்ட சரியாக இருக்கிறதே! கடைகளில் "மேட்ச்டு" என்று விற்பதில் பாதி, மல்டிமீட்டரில் எச்எஃப்ஈ என்ற கரண்ட் பெருக்கத்தை மட்டும் பார்த்துக் கட்டிய ஜோடி. மிரருக்குப் பொருந்த வேண்டியதோ பேஸ்-எமிட்டர் வோல்டேஜ்.

உங்கள் ரெஃபரன்ஸ் டிரான்சிஸ்டரில் கலெக்டரும் பேஸும் ஒன்றாகக் கட்டப்பட்டிருப்பதால் அதன் மேல் 0.65 வோல்ட்தான். 1 கே லோடில் மற்றதன் மேல் 10.8 வோல்ட் நிற்கிறது. கலெக்டர் வோல்டேஜ் கூடினால் கரண்டும் கொஞ்சம் கூடும். 1952-ல் ஜேம்ஸ் எர்லி விளக்கிய விளைவு இது. அவுட்புட்டுக்குக் குறுக்கே ஒரு ரெசிஸ்டர் ஒளிந்திருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். பிசி547பி-யில் 1 மில்லியாம்புக்கு அது ஏறக்குறைய 65 கே. கூடுதலான 10 வோல்ட் அதன் வழியே 0.16 மில்லியாம்பைத் தள்ளுகிறது. 1.03-உடன் கூட்டுங்கள், உங்கள் 1.19 வந்துவிடும். லேப் மேனுவலில் மட்டும் இன்றைக்கும் "அவுட்புட் = ரெஃபரன்ஸ்". 1.19 என்று உண்மையை எழுதும் மாணவனின் ரெக்கார்டைத் திருப்பிக் கொடுக்கிறார்கள். பார்த்துப் பார்த்து எனக்கு அலுத்துவிட்டது.

மெல்ல ஏறியது வேறு கதை, அது சூடு. 10.8 வோல்ட், 1.19 மில்லியாம்ப் என்றால் 13 மில்லிவாட். தொட்டால் தெரியாது, ஆனால் உள்ளே 3 டிகிரி போல ஏறும். பேஸ் வோல்டேஜ் மாறாமல் இருக்கும்போது டிகிரிக்கு 7, 8 சதவீதம் கரண்ட் கூடும். ஆகவே லோடு மாற்றியதும் குதித்தால் எர்லி, நின்று நிதானமாக ஊர்ந்தால் சூடு. சந்தேகமிருந்தால் அவுட்புட் டிரான்சிஸ்டரை விரலால் பிடித்துப் பாருங்கள், இன்னும் ஏறும். ரெஃபரன்ஸைப் பிடித்தால் இறங்கும். ஐசி-க்குள் இரண்டும் ஒரே சில்லில் ஒட்டி இருப்பதால் இந்தத் தொல்லை பெரிதும் இல்லை. பிரெட்போர்டில் தனித்தனியாக நிற்கும் இரண்டுக்கு உண்டு. தட்டைப் பக்கங்களை முகத்தோடு முகம் வைத்து ஹீட் ஷ்ரிங்க் போட்டால் பாதி அடங்கும்.

மீதிக்கு, இரண்டு எமிட்டரிலும் 1 கே, 1 சதவீத ரெசிஸ்டர் போடுங்கள். 11 கே-யை எடுத்துவிட்டு 10 கே வையுங்கள், ரெஃபரன்ஸ் மாறாது. கரண்ட் கூடப் பார்த்தால் எமிட்டர் வோல்டேஜ் உயர்ந்து தானே அடக்கும். ஒளிந்திருக்கும் 65 கே ஏறக்குறைய 30 மடங்காகி 2 மெகா ஓம் போலாகும், 0.16-க்குப் பதில் 0.005 மில்லியாம்ப்தான் பிழை. சூட்டின் பிழையும் ஒரு சதவீதத்துக்குள் வந்துவிடும்.

விலை என்னவென்றால், அவுட்புட்டில் எப்போதும் 1.3 வோல்ட்டாவது மிச்சம் இருக்க வேண்டும். உங்கள் 10 கே லோடு 10.3 வோல்ட்டைத் தின்றுவிட்டு 1.7 விடுகிறது, போதும். 11 கே போட்டால் போதாது.